விட்ட மூச்சு

எனக்குப் பதினான்கு வயது. ஆடி மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. மதகுப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த அடுத்த தெருப் பையன் ஒருவனைக் காணவில்லை என்று சத்தம் கேட்டு ஓடினோம். அவனுக்கு ஒன்பது வயது இருக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. பெரியவர் ஒருவர், "தலைகீழாப் புடிங்கடா, தண்ணி வெளிய வரட்டும்" என்றார். காலைப் பிடித்துத் தூக்கினார்கள். பிறகு குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வாயிலிருந்து கொஞ்சம் நுரை வந்தது, அவ்வளவுதான்.

கூட்டத்தில் சேகர் அண்ணன் இருந்தார். ஊரில் அப்போது கல்லூரிக்குப் போன நான்கைந்து பேரில் ஒருவர். அவர்தான், "வாயில வாய வெச்சு ஊதணும்டா, படத்துல பாத்திருக்கேன்" என்று மண்டியிட்டார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அறிவியலில் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிறவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, நாம வெளிய விடுறது கரியமிலவாயுண்ணே. அத ஊதுனா இன்னும் மோசமாயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார். வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள்.

அந்தப் பையன் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஊதியிருந்தாலும் பிழைத்திருக்காமல் போயிருக்கலாம். ஆனால் நான் சொன்னது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதைத் தேடிப் போனபோதுதான், அதே தப்பை ஐரோப்பாவின் பெரிய மூளைகளும் செய்திருக்கின்றன, அதுவும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் செய்திருக்கின்றன என்பது தெரிந்தது. ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

*

ஸ்காட்லாந்தில் ஆலோவா என்று ஒரு நிலக்கரி ஊர். 1732 டிசம்பர் 3ஆம் தேதி, தீப்பிடித்துப் புகை மண்டிக் கிடந்த சுரங்கம் ஒன்றிலிருந்து ஜேம்ஸ் பிளேர் என்ற தொழிலாளியை மேலே தூக்கிவந்தார்கள். முக்கால் மணி நேரம் வரை உள்ளே கிடந்திருக்கிறான். கண் வெறித்திருக்கிறது, வாய் பிளந்திருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது. நாடி இல்லை, மூச்சு இல்லை. அங்கே இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் டாசக் அவன் வாயோடு தன் வாயை வைத்து பலமாக ஊதினார். ஊதிய காற்று மூக்கு வழியாக வெளியே போய்விட்டது. உடனே ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி ஊதினார். இந்த முறை நெஞ்சு முழுசாக உயர்ந்தது. அந்தக் கணமே இதயம் ஆறேழு முறை வேகமாகத் துடித்ததைத் தன்னால் உணர முடிந்தது என்று எழுதியிருக்கிறார்.

ஒரு மணி நேரம் கழித்து பிளேர் கொட்டாவி விட்டான். நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு நடந்து போனான். நான்கு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டான். மூன்றாவது தகவலில்தான் எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்படும். செத்துப் பிழைத்தவனுக்குக் கிடைத்த லீவு நான்கு நாள்.

டாசக் இதை எழுதி வெளியிட்டது 1744ல்தான். பன்னிரண்டு வருடம் எதற்குச் சும்மா இருந்தார் என்று விளங்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் குறிப்பில் இன்றைய முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மூக்கைப் பொத்த வேண்டும். நெஞ்சு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் அவர் யாரிடமும் கற்கவில்லை. முதல் ஊதல் தோற்றதிலிருந்து அங்கேயே கண்டுபிடித்தார்.

அடுத்த வருடமே லண்டனில் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் இந்தக் குறிப்பை ராயல் சொசைட்டியின் முன் எடுத்துப் பேசினார். ஊதுவதற்குத் துருத்தி நல்லதா, வாய் நல்லதா என்ற கேள்வி அப்போதே இருந்தது. ஃபாதர்கில் வாய் பக்கம் நின்றார். ஆபத்து நேரத்தில் துருத்தி கையில் இருக்காது, வாய் எப்போதும் இருக்கும். மனிதன் ஊதும் மூச்சில் வெப்பமும் ஈரமும் இருக்கின்றன. ஒரு மனிதனின் நுரையீரல் தரக்கூடிய விசையை இன்னொரு மனிதனின் நுரையீரல் தாங்கிக்கொள்ளும், துருத்திக்கு அந்த அளவு தெரியாது. கடைசி வாதத்தின் அருமை எண்பது வருடம் கழித்துத்தான் தெரியப்போகிறது.

1767ல் ஆம்ஸ்டர்டாமில், கால்வாய்களில் விழுந்தவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774ல் லண்டனில் வில்லியம் ஹாஸும் தாமஸ் கோகனும் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து வழிமுறைகளில் வாயால் ஊதுவதும் இருந்தது, கூடவே ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்றுவதும் இருந்தது. சிரிக்க வேண்டாம். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் அப்போது கருவி கிடையாது. பிழைத்தவன் பிழைத்தான், செய்த எல்லாவற்றுக்கும் பெருமை போய்ச் சேர்ந்தது.

*

லண்டன் சங்கம் தொடங்கிய அதே 1774ல், ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஜோசப் பிரீஸ்ட்லி பாதரச ஆக்ஸைடைப் பூதக்கண்ணாடி வெயிலில் சூடாக்கி ஒரு வாயுவைப் பிரித்தார். அதில் மெழுகுவர்த்தி பிரமாதமாக எரிந்தது. பிறகு லவோய்சியே அதற்கு ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1750களில், ஜோசப் பிளாக் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மூச்சை ஊதிப் பார்த்திருந்தார். தண்ணீர் பால்போலக் கலங்கியது. நாம் பள்ளியில் ஸ்ட்ரா வைத்துச் செய்வோமே, அதே சோதனை. நாம் வெளிவிடும் மூச்சில் நாம் உள்ளிழுக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. 1777ல் லவோய்சியே இரண்டையும் சேர்த்துச் சொன்னார்: காற்றின் உயிர்ப்புள்ள பகுதியை உடம்பு எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு இந்த வேறு வாயுவைத் தருகிறது.

வேதியியலில் இது பெரிய பாய்ச்சல். மூச்சு நின்று கிடந்தவர்களுக்கு நல்ல செய்தியாக அமையவில்லை. வெளிமூச்சு என்பது பயன்படுத்தி முடித்த காற்று, சக்கை, கழிவு என்ற எண்ணம் பரவ ஆரம்பித்தது. நான் வாய்க்கால் கரையில் சொன்னது இதே எண்ணத்தைத்தான். 1776ல் ஜான் ஹண்டர், அன்றைய லண்டனின் பெரிய அறுவை மருத்துவர், இரண்டு அறை கொண்ட ஒரு துருத்தியைப் பரிந்துரைத்தார். ஒரு அறை நல்ல காற்றை உள்ளே தள்ளும், இன்னொரு அறை பழைய காற்றை வெளியே இழுக்கும். பிரீஸ்ட்லியின் புதுக் காற்று கிடைத்தால் இன்னும் நல்லது என்றும் எழுதினார். யோசனை தவறில்லை. இன்றைக்கும் ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருந்தால் அதைத்தான் தருகிறார்கள். ஆனால் 'அது இன்னும் நல்லது' என்பதிலிருந்து 'இது உதவாது' என்று தாவியதில்தான் கோளாறு.

வேறு காரணங்களும் இருந்தன. தண்ணீரில் கிடந்த அந்நியனின் வாயில் வாய் வைக்க யாருக்கும் பிடிக்கவில்லை. நோய் தொற்றும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அருவருப்பு மட்டும் இருந்திருந்தால் சிலராவது அதை மீறிச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அருவருப்புக்கு அறிவியல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் கதை முடிந்தது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் துருத்தி வாயை ஓரங்கட்டிவிட்டது.

சாதாரண மனுஷனாலும் அன்று செய்து பார்க்க முடிந்த ஒரு சோதனை இருக்கிறது. ஒரு ஜாடிக்குள் நீண்ட மூச்சாக ஊதி நிரப்பிக்கொண்டு, எரியும் மெழுகுவர்த்தியை இறக்கினால், அணைந்துவிடும். காற்று நல்லதா கெட்டதா என்று பார்க்க அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியும் எலியும்தான் கருவி. மெழுகுவர்த்தி அணைகிற காற்றில் மனிதன் எப்படி உயிரோடு இருக்க முடியும் என்று யோசிப்பது இயல்பு. உண்மை என்னவென்றால், காற்றில் ஆக்ஸிஜன் 16 அல்லது 17 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மனிதன் அதற்குக் கீழேயும் தாக்குப்பிடிப்பான். சுடருக்கு ரத்தம் கிடையாது. அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

*

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்ஸிஜன். 78 சதவீதம் நைட்ரஜன், அது சும்மா உள்ளே போய்ச் சும்மா வெளியே வரும். கார்பன் டை ஆக்ஸைடு ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெளிவிடும் காற்றில் ஆக்ஸிஜன் 16 சதவீதம், கார்பன் டை ஆக்ஸைடு 4 சதவீதம், மற்றபடி ஈரம். அதாவது நாம் கரியமிலவாயுவை 'விடுவதில்லை'. நூறு பங்கில் நான்கு பங்கு கரியமிலவாயு கலந்த காற்றை விடுகிறோம். பள்ளியில் 'ஆக்ஸிஜனை உள்ளிழுக்கிறோம், கார்பன் டை ஆக்ஸைடை வெளிவிடுகிறோம்' என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்தபோது இந்தப் பதினாறு காணாமல் போய்விட்டது.

ஏன் இவ்வளவு மிச்சம் வைக்கிறோம்? ஒரு மூச்சை எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச்சேர்வதே இல்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றை நிரப்பிக்கொண்டு நின்றுவிடுகிறது. அங்கே ரத்தத்தோடு எந்தப் பரிமாற்றமும் நடக்காது. மூச்சை வெளிவிடும்போது இந்த 150தான் முதலில் வெளியே வரும், போனது போனபடியே, 21 சதவீத ஆக்ஸிஜனோடு. அதன் பின்னால் காற்றறைகளில் இருந்த 350 வரும். அதில் ஆக்ஸிஜன் 14 சதவீதம் அளவில், கார்பன் டை ஆக்ஸைடு ஐந்தரை சதவீதம் அளவில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 350ல் 14 சதவீதம் 49 மில்லிலிட்டர். 150ல் 21 சதவீதம் முப்பத்தொன்றரை. கூட்டினால் எண்பதரை. அது 500ல் 16 சதவீதம். கார்பன் டை ஆக்ஸைடையும் அப்படியே பெருக்கினால் பத்தொன்பது சொச்சம் மில்லிலிட்டர், அதாவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணையில் இருக்கும் எண்கள் இப்படித்தான் வருகின்றன.

உள்ளே போனபோது அந்த 500ல் ஆக்ஸிஜன் 105 மில்லிலிட்டர் இருந்தது. திரும்பி வருவது 80. உடம்பு எடுத்துக்கொண்டது கால்வாசி. ஓய்வில் இருக்கும் உடம்புக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் போதும், அதற்கு மேல் எடுக்க அதற்குத் தேவையும் இல்லை. நுரையீரலும் ஒவ்வொரு மூச்சுக்கும் காலியாகி நிறைகிற குடம் இல்லை. மூச்சை விட்டு முடித்த பிறகும் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே நிற்கும். புது மூச்சு அந்த இருப்போடு போய்க் கலக்கிறது.

இப்போது அந்த 16 சதவீதக் காற்று இன்னொருவர் நெஞ்சுக்குள் போகிறது. போதுமா? நான் இதை எனக்கே விளக்கிக்கொண்டது ஊட்டியை வைத்து. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல். சதவீதம் அங்கேயும் 21தான், ஆனால் அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் 16 சதவீதக் காற்றை இழுப்பதற்குச் சமம். மெரினாவில் ஒருவர் வாயில் நீங்கள் ஊதினால், ஆக்ஸிஜன் கணக்குப்படி அவர் ஊட்டியில் மூச்சுவிடுகிறார். ஊட்டியில் யாரும் மூச்சுத் திணறிச் சாவதில்லை. கேரட் பயிரிடுகிறார்கள், ரேஸ்கூட நடத்தியிருக்கிறார்கள்.

ஊட்டிக்காரரின் ரத்தம் எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கான விடையை 1904ல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வரைந்து காட்டினார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினை நான்கு சீட் உள்ள ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன்தான் பயணி. ஸ்டாண்டில் கூட்டம் பாதியாகக் குறைந்தால் ஆட்டோவும் பாதி காலியாகப் போகும் என்று நினைப்போம். போகாது. சாதாரணமாகக் காற்றறையில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. அப்போது ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கும். அழுத்தம் 60க்கு இறங்கினாலும் 90 சதவீதம் நிறைந்திருக்கும். அதற்கும் கீழே போனால்தான் சரசரவென்று இறங்கும். போர் வரைந்த கோடு மேலே தட்டையாக, கீழே செங்குத்தாக, சாய்த்துப் போட்ட எஸ் எழுத்து மாதிரி இருக்கும். வெளிமூச்சை வாங்கிக்கொண்டவரின் காற்றறை அந்தத் தட்டையான பகுதிக்குள்தான் நிற்கிறது. கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கிறது, ஆனால் விளிம்பிலிருந்து விழவில்லை.

கார்பன் டை ஆக்ஸைடு? என் பதினான்கு வயது அறிவு பயந்தது அதற்குத்தான். 4 சதவீதம் கலந்த காற்றைச் சாதாரண அளவில் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தால், வாங்குபவரின் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு உயரத்தான் செய்யும். ஆனால் ஊதுகிறவர் வேலை செய்கிறார், தன்னையறியாமலே வழக்கத்தைவிடக் கூடுதலாக மூச்சு வாங்குகிறார். அவர் மூச்சின் அளவு இரட்டிப்பானால், அதே உடம்பு அதே அளவு ஆக்ஸிஜனை இரண்டு மடங்கு காற்றிலிருந்து எடுக்கிறது. வெளியே வருவது 18 சதவீத ஆக்ஸிஜன், 2 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு. அதை வைத்து வாங்குபவரின் ரத்தத்தைக் கிட்டத்தட்ட இயல்பான நிலையில் நிறுத்தலாம். அப்படியே கொஞ்சம் உயர்ந்தாலும், ஆக்ஸிஜன் இல்லாத மூளைக்கு நான்கைந்து நிமிடம்தான் கெடு. கார்பன் டை ஆக்ஸைடு அவ்வளவு அவசரக்காரன் இல்லை.

*

துருத்தியின் கதைக்குத் திரும்புவோம். 1820களின் பிற்பகுதியில் பாரிஸில் லெரோய் தெத்தியோல் என்பவர் விலங்குகளில் சோதித்து, துருத்தியால் பலமாக ஊதினால் நுரையீரல் கிழிந்து சாகிறது என்று காட்டினார். ஃபாதர்கில் அஞ்சிய அதே விஷயம். துருத்தி செல்வாக்கிழந்தது. ஆனால் அந்த இடத்துக்கு வாய் திரும்பி வரவில்லை. கை வந்தது.

அதன் பிறகு நூறு வருடம் அமுக்குவதும் புரட்டுவதும்தான். 1856ல் மார்ஷல் ஹால் ஆளைப் புரட்டிப் புரட்டிப் போடச் சொன்னார். 1858ல் சில்வெஸ்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் இழுத்து, பிறகு நெஞ்சோடு அழுத்தச் சொன்னார். 1903ல் ஷேஃபர் குப்புறப் போட்டு முதுகை அமுக்கச் சொன்னார். 1932ல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் முதுகை அமுக்கிவிட்டு முழங்கையைத் தூக்கச் சொன்னார். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் முதுகை அமுக்கிய கைகள் ஏதோ நாட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன். எடின்பரோ பேராசிரியர் ஒருவரின் முறையும் கிட்டத்தட்ட அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஊர்க்காரர்கள் அதை எங்கே பிடித்தார்களோ, நான் கேட்கவில்லை.

இந்த நூறு வருடத்திலும் வாயால் ஊதுவதை விடாமல் வைத்திருந்தவர்கள் மருத்துவச்சிகள். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் ஊதினார்கள். லவோய்சியே என்ன சொன்னார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

1946ல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் போலியோ பரவியது. ஜேம்ஸ் ஈலம் என்ற இளம் மருத்துவர் வார்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். நீலம் பாரித்த ஒரு பையனைத் தள்ளுகட்டிலில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஈலம் கட்டிலை நிறுத்தி, போர்வையால் பையனின் முகத்திலிருந்த சளியைத் துடைத்து, அவன் மூக்கில் வாய் வைத்து ஊதினார். நான்கு மூச்சில் பையன் சிவந்தான். மூச்சளிப்பின் வரலாற்றில் மருத்துவச்சிகளைப் பற்றிய பகுதியைச் சமீபத்தில் படித்திருந்ததால் அப்படிச் செய்யத் தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். இந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் படித்த ஒன்று அந்தப் பையனுக்கு உதவியது. நான் படித்த ஒன்று என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும்.

ஈலம் அதோடு விட்டுவிடவில்லை. சிவந்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணை நம்பிக் கைமுறைக்காரர்களும் நூறு வருடம் ஓட்டியிருந்தார்கள். எண் வேண்டும். அறுவை சிகிச்சைக்காகத் தசைகள் செயலிழக்கச் செய்யப்பட்ட நோயாளிகளுக்கு, முகமூடி வழியாகத் தன் வெளிமூச்சை ஊதி, அவர்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார். இரண்டும் இயல்புக்குப் பக்கத்தில் நின்றன. 1954ல் அந்த முடிவு அச்சில் வந்தது. லவோய்சியேக்கும் அதற்கும் இடையில் நூற்று எழுபத்தேழு வருடம்.

அச்சில் வந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1956ல் கான்சஸ் சிட்டியில் நடந்த மயக்கவியல் மாநாட்டிலிருந்து திரும்பும்போது ஈலமும் பீட்டர் சஃபாரும் ஒரே காரில் வந்தார்கள். சஃபார் வியன்னாவில் பிறந்தவர், பால்டிமோரில் வேலை. வழியெல்லாம் ஈலம் இதையே பேசியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிய சஃபார் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். தானாக முன்வந்த ஏறத்தாழ முப்பது பேருக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்து, தொண்டையில் குழாய் எதுவும் போடாமல் தரையில் கிடத்தி, பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களை அவர்களுக்கு ஊதச் சொன்னார். அந்தச் சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தராமல் இருப்பதுதான் சரி என்றும் நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து வந்த அறிவை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம்.

தெரிந்தது இரண்டு. கைமுறைகளில் பலருக்குக் காற்று உள்ளே போகவே இல்லை. கை எவ்வளவு அமுக்கினாலும் தொண்டை அடைத்திருந்தால் என்ன பிரயோஜனம்? மயங்கியவரின் தாடைத் தசை தளர்ந்து நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை மூடிவிடுகிறது. இன்னொன்று, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் வழி திறந்துகொள்கிறது. டாசக் கண்டுபிடித்த மூக்கோடு சஃபார் தாடையைச் சேர்த்தார். 1958ல் கட்டுரைகள் வந்தன. சீக்கிரமே கைமுறைகள் கையேடுகளிலிருந்து வெளியேறின. 1960ல் அதே பால்டிமோரில் கூவன்ஹோவனும் சகாக்களும் நெஞ்சை அழுத்தி இதயத்துக்கு ரத்தம் ஓட்டும் முறையை வெளியிட, இரண்டும் சேர்ந்து இன்றைய வடிவம் வந்தது.

*

போன வருடம் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போனேன். ரப்பர் பொம்மையின் நெற்றியில் கை வைத்துத் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து ஊதினேன். நெஞ்சு உயரவில்லை. "சார், தாடைய இன்னும் தூக்குங்க" என்றார் சொல்லிக்கொடுத்த பெண். தூக்கினேன், உயர்ந்தது. உற்சாகத்தில் அடுத்ததைப் பலமாக ஊதினேன். "வேகமா ஊதக்கூடாது சார். காத்து வயித்துக்குப் போயிடும். வாந்தி வந்து அது நுரையீரலுக்குள்ள போனா அவ்ளோதான். ஒரு செகண்ட், நெஞ்சு எழும்புறத பாத்ததும் நிறுத்திடுங்க." அரை லிட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல், அதற்கு மேல் வேண்டாம். ஊதுகிறவர் ஆழமாக இழுத்து இழுத்து ஊதினால் அவருக்கே தலைசுற்றும் என்றும் சொன்னார். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது.

மூச்சு எப்போதும் வேண்டுமா என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால், அவர் ரத்தத்திலும் நுரையீரலிலும் இன்னும் ஆக்ஸிஜன் இருக்கிறது. அது ஓடாமல் நிற்பதுதான் பிரச்சினை. பயிற்சி இல்லாதவர் முதல் சில நிமிடங்களுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினாலே போதும், நிறுத்தாமல் அழுத்தினால். தண்ணீரில் மூழ்கியவர் கதை தலைகீழ். அவருக்கு ஆக்ஸிஜன் தீர்ந்துபோய்த்தான் இதயம் நின்றது. வெறும் ரத்தத்தை ஓட்டிப் பயனில்லை. அவருக்கு மூச்சுதான் முதலில், ஐரோப்பிய வழிகாட்டுதல் தொடக்கத்திலேயே ஐந்து மூச்சு தரச் சொல்கிறது. குழந்தைகளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். தலைகீழாகத் தூக்கித் தண்ணீரை வடிக்கும் நேரமெல்லாம் வீண், வயிற்றிலிருந்துதான் பெரும்பாலும் வரும் என்றார் அந்தப் பெண்.

அன்று ராத்திரி சேகர் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். இப்போது திருப்பூரில் இருக்கிறார், பேரன் பிறந்துவிட்டான். வகுப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது.

"நீ சொன்னதுக்காக நான் எந்திரிக்கலடா" என்றார். "அவன் வாயெல்லாம் நொரையா இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ ஒரு காரணம் சொன்ன, நான் புடிச்சுக்கிட்டேன்."

நான் எதுவும் பேசவில்லை.

"எவ்ளோ இருக்கும்னு சொன்ன, நாம விடுற மூச்சுல?"

"பதினாறுண்ணே. உள்ள இழுக்கிறது இருபத்தொண்ணு."

"பதினாறா" என்றார். போனில் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பேரன் அழுகிறான் என்று வைத்துவிட்டார்.